காய்ச்சலோடு முகத்தில் தொடங்கி காலுக்கு இறங்கும் தடிப்பு: தட்டம்மை பற்றிப் பெற்றோர் கேட்பவை

சிறு நகரம் ஒன்றில் குழந்தைகள் மருத்துவராக இருக்கிறேன். காய்ச்சலும் தடிப்புமாக வரும் பிள்ளைகளின் அம்மா, அப்பா, பாட்டிமார் என்னிடம் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே வைத்திருக்கிறேன். தட்டம்மையைச் சில வீடுகளில் மணல்வாரி என்பார்கள். இலங்கையில் சின்னமுத்து என்று சொல்வார்கள். எல்லாம் ஒன்றுதான்.

“மூணு நாளா காய்ச்சல் டாக்டர். நேத்து முகத்துல செவப்பா தடிச்சுது, இன்னைக்கு நெஞ்சுக்கு இறங்கிடுச்சு. இது மணல்வாரியா?”

நீங்கள் சொன்ன வரிசை அப்படியே தட்டம்மையின் வரிசைதான். காய்ச்சல் முதலில் வரும். அதோடு வறட்டு இருமல், ஒழுகும் மூக்கு, சிவந்து நீர் வடியும் கண். இரண்டு முதல் நான்கு நாள் வரை இப்படியே போகும். அந்தக் கட்டத்தில் பார்ப்பவர்கள் சளிக்காய்ச்சல் என்றுதான் நினைப்பார்கள், நானும் நினைத்திருக்கிறேன். பிறகு காதுக்குப் பின்னாலும் நெற்றியில் முடி தொடங்கும் ஓரத்திலும் சின்னச் சின்னப் புள்ளிகள் கிளம்பும். ஒரு நாளுக்குள் முகமும் கழுத்தும் நிறைந்துவிடும். மறுநாள் நெஞ்சு, முதுகு, கை. மூன்றாம் நாள் வயிறு, தொடை, பாதம். கால் வரை இறங்கும் நேரத்தில் முகத்தில் மங்கத் தொடங்கியிருக்கும். வந்த வரிசையிலேயேதான் போகும்.

புள்ளிகள் தட்டையாகவும் லேசாக மேடிட்டும் கலந்து இருக்கும். முகத்திலும் கழுத்திலும் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகிவிடும், காலில் தனித்தனியாக நிற்கும். நீர் கோக்காது, சீழ் பிடிக்காது. இன்னொன்று முக்கியம். தடிப்பு கிளம்பும் நாளில் காய்ச்சல் குறையாது, ஏறும். 103, 104 டிகிரி வரை போவது சாதாரணம். பிள்ளையின் முகம் உப்பி, கண் கூசி, தொட்டாலே அழும்.

ஒரு வேலை செய்யுங்கள். காதுக்குப் பின்னால் முதல் புள்ளியைப் பார்த்த தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். கீழே சொல்லப்போகும் கணக்கு எல்லாம் அந்த வட்டத்திலிருந்துதான் தொடங்கும்.

“தடிப்பு வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க வழி இருக்கா?”

உண்டு, ஆனால் வாய்க்குள் பார்க்க வேண்டும். கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, சிவந்த சதையில் உப்புக்கல்லைத் தூவியது போல நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள் தெரியும். நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் ஹென்றி கொப்ளிக் 1896இல் இதை விரிவாக எழுதினார், அவர் பெயரிலேயே கொப்ளிக் புள்ளிகள் என்கிறோம். தடிப்புக்கு ஓரிரு நாள் முன்பு தோன்றி, தடிப்பு வந்த ஓரிரு நாளில் மறைந்துவிடும். டியூப் லைட் வெளிச்சத்தில் தெரியாது, செல்போன் டார்ச்சை அடித்து, கரண்டிக் காம்பால் கன்னத்தை விலக்கிப் பார்க்க வேண்டும். பால் திப்பி என்றால் துடைத்தால் போய்விடும், இது போகாது. இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. காணவில்லை என்பதால் தட்டம்மை இல்லை என்று ஆகாது.

“எங்க பையன் நல்ல கறுப்பு. செவப்பு ஒண்ணும் தெரியலையே, புத்தகத்துல போட்ட மாதிரி இல்லையே?”

படங்களில் பாதிக்கு மேல் வெள்ளைத் தோல் பிள்ளைகள். நம் பிள்ளைகளின் தோலில் தடிப்பு சிவப்பாகத் தெரிவதைவிட, சுற்றியுள்ள தோலைக் காட்டிலும் கருத்தோ செம்பழுப்பாகவோ தெரியும். கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும். நெற்றியிலும் கழுத்திலும் உள்ளங்கையை லேசாக ஓட்டிப் பாருங்கள். ஈரத் தோலில் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பு தட்டுப்படும். மணல்வாரி என்ற பெயரை வைத்தவர்கள் தொட்டுப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிறுத்தினால் மேடு பள்ளம் தெரியும். காதுமடலை முன்னால் மடக்கி அதன் பின்புறத்தைப் பாருங்கள், அங்கே தோல் மெல்லியது. கண்ணின் சிவப்பும் ஒழுகும் மூக்கும் எந்த நிறத்தவருக்கும் ஒரே மாதிரிதான்.

“உள்ளே இருக்கிற முத்தெல்லாம் வெளியே வந்தாதான் நல்லதுன்னு பாட்டி சொல்றாங்க. மருந்து குடுத்தா உள்ளேயே தங்கிடுமா?”

பாட்டி சொல்வதில் கவனித்துப் பார்த்த அனுபவம் இருக்கிறது, காரணம்தான் வேறு. கிருமி மூச்சுக்காற்று வழியாக உள்ளே போய்ப் பத்து நாள் போல உடம்பெங்கும் பரவிய பிறகே காய்ச்சல் வருகிறது. தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்களிலும் அது குடியேறியிருக்கும். நோயோடு போராடும் வெள்ளை அணுக்கள் அங்கே போய்த் தாக்கும்போது ஏற்படும் வீக்கம்தான் நாம் பார்க்கும் தடிப்பு. அதாவது உடம்பு சண்டை போடுகிறது என்பதன் அடையாளம் அது.

ஆகவே தடிப்பு நன்றாகக் கிளம்பாத பிள்ளையைப் பார்த்து முன்னோர் பயந்ததில் நியாயம் உண்டு. புற்றுநோய் மருந்து எடுக்கும் பிள்ளை, எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றிய பிள்ளை ஆகியோருக்குத் தடிப்பே வராமல் நேராக நுரையீரல் பாதிக்கப்படலாம். ஆனால் பாராசிட்டமால் கொடுத்தால் தடிப்பு உள்ளே போய்விடும் என்பது இல்லை. எடையைப் பார்த்து, கிலோவுக்கு 15 மில்லிகிராம் அளவில், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம். கிருமியை நேரடியாகக் கொல்ல மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது, பின்னால் காதிலோ நுரையீரலிலோ வேறு கிருமி புகுந்தால்தான் அது தேவைப்படும்.

“நாள் வாரியா எப்படிப் போகும்னு ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.”

அடையாளம் மாற்றி ஒரு வீட்டைச் சொல்கிறேன். மூன்று வயதுப் பெண் குழந்தை. தடுப்பூசியின் முதல் தவணை போட்டிருந்தார்கள், வேலைக்காக ஊர் மாறியதில் இரண்டாவது விட்டுப்போயிற்று. ஜனவரி 3ஆம் தேதி ஒரு கல்யாண மண்டபத்தில் நாள் முழுக்க இருந்தார்கள்.

13ஆம் தேதி காய்ச்சல், மறுநாள் இருமல், கண்ணில் பீளை. மருந்துக்கடையில் ஒரு ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிக் கொடுத்தார்கள். 17ஆம் தேதி காலையில் தலை வாரும்போது காதுக்குப் பின்னால் புள்ளிகள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து என்னிடம் வந்தார்கள். மருந்து ஒவ்வாமையில் தடிப்பு பெரும்பாலும் உடம்பில் தொடங்கும், இப்படிக் கண் சிவந்து இருமிக்கொண்டு வராது. வாய்க்குள் டார்ச் அடித்ததும் உப்புக்கற்கள். கல்யாணத்திலிருந்து எண்ணினால் காய்ச்சலுக்கு 10 நாள், தடிப்புக்கு 14 நாள். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

18ஆம் தேதி முகம் முழுக்கத் திட்டு, நெஞ்சில் இறங்கியது, காய்ச்சல் 104. 19ஆம் தேதி வயிறு, முதுகு, கை. 20ஆம் தேதி பாதத்துக்கு வந்தது, நெற்றியில் நிறம் மங்கிற்று. 21ஆம் தேதி காய்ச்சல் விட்டது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து மோர்சாதம் கேட்டாள்.

23ஆம் தேதி இரவு மறுபடி 102. அம்மா அதை அலட்சியம் செய்யாமல் மறுநாள் காலையிலேயே தூக்கிக்கொண்டு வந்தார், அதுதான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது. சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் எண்ணினேன், 52 மூச்சு. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் அமைதியாக இருக்கும் பிள்ளைக்கு நிமிடத்துக்கு 40 தொட்டாலே அதிகம். நிமோனியா. மருத்துவமனையில் சேர்த்து ஐந்து நாள் ஊசி மருந்து. நலமாகத் திரும்பினாள்.

“அப்போ காய்ச்சல் எத்தனை நாள் இருந்தா பயப்படணும்?”

தடிப்பு வந்த மூன்று நான்கு நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும். நான்கு நாளைத் தாண்டியும் நிற்கிறது, அல்லது விட்டுத் திரும்பி வருகிறது என்றால் வேறெதோ சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் காது, வயிற்றுப்போக்கு, இல்லாவிட்டால் நுரையீரல். தட்டம்மையில் இறக்கும் பிள்ளைகளில் மிகுதியானவர்கள் நிமோனியாவில்தான் இறக்கிறார்கள்.

தேதி பார்க்காமலேயே உடனே கிளம்ப வேண்டியவையும் உண்டு. மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, மூச்சை இழுக்கும்போது கர்ரென்ற சத்தம், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், தண்ணீர்கூட இறங்காமை, கருவிழியில் வெள்ளை படிவது. ஆயிரத்தில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் வரும், வலிப்பும் மயக்கமும் அதன் முகங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையையும் சத்துக் குறைந்து மெலிந்த பிள்ளையையும் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

“வேர்க்குரு, சின்னம்மை, டெங்குன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எப்படிப் பிரிக்கிறது?”

காய்ச்சலுக்கும் தடிப்புக்கும் உள்ள உறவைப் பாருங்கள், பாதி பிரிந்துவிடும்.

வேர்க்குருவுக்குக் காய்ச்சலே கிடையாது. சின்னம்மையில் தடிப்பு நெஞ்சிலும் முதுகிலும் முந்தும், ஒரே நாளில் நீர்க்கொப்புளமாகும், அரிக்கும். பச்சைக் குழந்தைகளுக்கு வரும் ஒன்று உண்டு: மூன்று நாள் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சல், காய்ச்சல் விட்ட அன்று உடம்பில் இளஞ்சிவப்புத் தடிப்பு, பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும். ரோசியோலா என்பார்கள், தட்டம்மைக்கு நேர் எதிர் வரிசை. டெங்குவிலும் தடிப்பு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான், மூக்கு இப்படி ஒழுகாது.

குழப்புவது ருபெல்லாதான். அதுவும் முகத்தில் தொடங்கி இறங்கும். ஆனால் காய்ச்சல் லேசு, தடிப்பு மூன்று நாளில் சுவடில்லாமல் மறையும், காதுக்குப் பின்னும் பிடரியிலும் நெறி கட்டும். கர்ப்பிணி வீட்டில் இருந்தால் ருபெல்லாவா என்று சோதித்தே ஆக வேண்டும், வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் அது கெடுக்கும்.

“அம்மா வந்திருக்கும்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு மாமியார் பிடிவாதமா இருக்காங்க.”

மாமியாரோடு சண்டை வேண்டாம். வேப்பிலையை வாசலில் செருகுங்கள், அது வெளியாளைத் தடுக்கிறது, எனக்கு அதில் மகிழ்ச்சிதான். பிள்ளையைத் தனியறையில் படுக்க வைப்பது, இளநீர், நுங்கு, மோர் கொடுப்பது எல்லாம் சரி. கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள், பருப்பும் முட்டையும் எண்ணெயும் வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பாலை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. வாய்ப்புண் எரியும், அதனால் காரமில்லாமல் குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக.

எனக்கு ஒத்துவராதது ஒன்றே: தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை பிள்ளையை யாரிடமும் காட்டாமல் வைத்திருப்பது. நிமோனியா அந்த நாளுக்காகக் காத்திருக்காது. போன் செய்துவிட்டு வாருங்கள், உள்ளே வர வேண்டாம், ஆட்டோவிலேயே இருங்கள் என்றுதான் நான் சொல்வேன். வெளியே வேப்பமரத்தடியில் வந்து பார்ப்பேன். மாமியாருக்கும் அது பிடித்துப்போகிறது. உண்மைக் காரணம் வேறு: தட்டம்மைப் பிள்ளை இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி மிதக்கும். என் காத்திருப்பு அறையில் தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தைகள் இருப்பார்கள்.

“கண்ணுக்கு எதுவும் இல்லையே, எதுக்கு வைட்டமின் ஏ குடுக்கிறீங்க?”

தட்டம்மை உடம்பில் இருக்கும் வைட்டமின் ஏ-யைக் கரைத்துவிடும். ஏற்கெனவே குறைவாக உள்ள பிள்ளைக்குக் கருவிழி காய்ந்து, மென்மையாகி, உடைந்தே போகலாம். சில நாளில் நடந்துவிடும் பார்வையிழப்பு அது. குடலின், மூச்சுக்குழாயின் உட்தோலுக்கும் இந்த வைட்டமின் வேண்டும்.

அளவு வயதைப் பொறுத்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்தால் 50,000 யூனிட், ஆறு முதல் பதினோரு மாதம் வரை 1 லட்சம், ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம். இன்று ஒன்று, நாளை ஒன்று. கண்ணில் அறிகுறி இருந்தால் சில வாரம் கழித்து மூன்றாவது. மூன்று மாதத்துக்கு முன் அங்கன்வாடியில் கொடுத்திருந்தாலும் இது தனி. கடையில் வாங்கித் தினமும் கொடுக்காதீர்கள், மிகுந்தால் ஈரலையும் தலையையும் பாதிக்கும்.

“தடிப்பு வந்த அன்னைக்கே ரத்தம் எடுத்தாங்க, நெகட்டிவ்னு வந்துடுச்சு. அப்போ இல்லைதானே?”

அவசரப்பட்டு எடுத்த ரத்தம். ஐஜிஎம் என்னும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனை இது. தடிப்பு வந்த முதல் மூன்று நாளில் சிலருக்கு அது இன்னும் போதுமான அளவு ஊறியிருக்காது, இருக்கும் நோயையே இல்லை என்று காட்டிவிடலாம். வட்டமிட்ட தேதியிலிருந்து நான்காம் நாளுக்குப் பிறகு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். முதல் நாட்களிலேயே தெரிய வேண்டுமென்றால் தொண்டைச் சளியை எடுத்துப் பிசிஆர் செய்யலாம். காய்ச்சலோடு இந்த மாதிரித் தடிப்பு என்றாலே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் மாதிரி எடுப்பார்கள், தெருவில் யாருக்கு ஊசி விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

“வீட்ல ஏழு மாசக் கைக்குழந்தை இருக்கு. இப்போ பிரிச்சு வெச்சா போதுமா?”

பிரித்து வையுங்கள், ஆனால் போதாது. தடிப்புக்கு நான்கு நாள் முன்பிலிருந்தே, வட்டமிட்ட தேதிக்குப் பின் நான்கு நாள் வரை நோய் தொற்றும். நோய் எதிர்ப்பு இல்லாதவர்கள் பத்துப் பேர் ஒரே வீட்டில் இருந்தால் ஒன்பது பேருக்கு வரும்.

மேலே சொன்ன பெண் குழந்தைக்கும் ஏழு மாதத்தில் ஒரு தம்பி. தொற்று தொடங்கியது 13ஆம் தேதி, என்னிடம் வந்தது 17ஆம் தேதி. முதல் தொடர்பிலிருந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தடுப்பூசியே போட்டுத் தடுத்துப் பார்க்கலாம். அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்னும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள் போடலாம். 19ஆம் தேதி வரை நேரம் இருந்தது. 17ஆம் தேதி மாலையே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன், போட்டார்கள். அதற்குப் பிறகு 28 நாள் அவனைக் கவனித்தோம், ஏனெனில் அந்த ஊசி நோயைத் தடுக்காமல் தள்ளிப்போட்டும் விடலாம். காய்ச்சல் வரவில்லை. ஒன்பது மாத தடுப்பூசியை மட்டும் தள்ளிப் போட வேண்டியிருந்தது, இம்யூனோகுளோபுலின் உடம்பில் இருக்கும்போது தடுப்பூசி பிடிக்காது. தடுப்பூசி அட்டையில் தேதியோடு அதை எழுதிக் கொடுத்தேன்.

கர்ப்பிணிக்குத் தடுப்பூசி கூடாது, அவர்களும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

“ஊசி போட்டும் வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு ஊசி?”

எத்தனை தவணை என்று அட்டையைப் பார்ப்போம். நம் அரசுத் திட்டத்தில் தட்டம்மை-ருபெல்லா ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. ஒன்பது மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில குழந்தைகளிடம் மிச்சமிருந்து ஊசியை முறித்துவிடும், நூற்றில் பதினைந்து பேர் போல நழுவிவிடுவார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் இரண்டாவது தவணை. இரண்டும் போட்டால் நூற்றுக்கு 97 பேர் காக்கப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் போட்டது இந்த ஊசிதான்.

ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாளில் லேசான காய்ச்சலும் சில புள்ளிகளும் வந்தால் அது ஊசியின் விளைவு. மற்றவருக்குத் தொற்றாது.

“ஒரு தடவை வந்துட்டா மறுபடி வராதாமே. வந்துட்டுப் போகட்டுமே?”

மறுபடி வராது என்பது சரி. 1846இல் டென்மார்க்குக்குச் சொந்தமான ஃபாரோ தீவுகளில் தட்டம்மை புகுந்தபோது 7,800 பேரில் ஏறக்குறைய 6,000 பேர் படுத்துவிட்டார்கள். விசாரிக்கப் போன இளம் மருத்துவர் பீட்டர் பானும் ஒன்றைக் கவனித்தார்: 1781இல் வந்துபோன தட்டம்மையைச் சிறுவயதில் கண்டிருந்த கிழவர்கள் யாருக்கும் வரவில்லை. 65 ஆண்டு கழித்தும் பாதுகாப்பு நின்றிருக்கிறது. தொற்றிலிருந்து தடிப்புக்கு 14 நாள் என்ற கணக்கும் அவர் அங்கே எண்ணியதுதான்.

ஆனால் இந்த ஒரு நோய்க்கான பாதுகாப்புக்குப் பிள்ளை கொடுக்கும் விலை பெரிது. முன்பு கண்ட மற்ற நோய்களை நினைவில் வைத்திருக்கும் அணுக்களையே தட்டம்மைக் கிருமி அழிக்கிறது. 2019இல் வெளியான ஆய்வில், நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்தத்தை ஒப்பிட்டபோது, மற்ற கிருமிகளுக்கு எதிராகச் சேர்த்திருந்த எதிர்ப்புப் பொருளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. அம்மை இறங்கிய பிள்ளை அடுத்த பல மாதம் அடிக்கடி சீக்காகப் படுப்பது இதனால்தான். இரண்டு வயதுக்குள் வந்தவர்களில் மிகச் சிலருக்கு ஏழெட்டு ஆண்டு கழித்து, பள்ளியில் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும்போது மூளை சிதையத் தொடங்கும். அதற்கு மீட்சி கிடையாது.

“எல்லாம் இறங்கிடுச்சு, ஆனா முகம் கறுத்துக் கெடக்கு. தழும்பு நிக்குமா?”

நிற்காது. தடிப்பு இருந்த இடம் பழுப்பாகி, தவிடு போல மெல்லிய தோல் உதிரும், அதுவும் முகத்தில் முதலில், காலில் கடைசியில். தேய்த்து உரிக்காமல் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் பழைய நிறம் வந்துவிடும், நம் தோலில் சிலருக்கு இன்னும் கொஞ்சம் நாளாகும். பள்ளிக்கு அனுப்பக் கறுப்பு போகும் வரை காத்திருக்க வேண்டாம். வட்டமிட்ட தேதியிலிருந்து நான்கு நாள் முழுதாகக் கழிந்து, காய்ச்சலும் விட்டு, பிள்ளை தெம்பாக இருந்தால் அனுப்பலாம்.